ஆப் காட்டும் 3,000 சரியா, என் நோட்டில் உள்ள 12,000 சரியா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். ஒரே கம்பெனிப் பங்கை மூன்று தடவையாக வாங்கினேன்: 200 ரூபாயில் 100, அப்புறம் 260-இல் 50, பத்து மாதம் முன்பு 320-இல் 250. கடைசியாக வாங்கியது மனைவியின் நகையை வைத்து. 80,000 ரூபாய்க்கு மாதம் 800 வட்டி. சராசரி விலை 260, இன்றைய விலை 290. 12,000 லாபம் வர வேண்டும், ஆப் 3,000 என்கிறது. மச்சான் அந்த லாபத்தைக் கைமாற்றாகக் கேட்கிறார். இன்னும் வாங்கிப் போடவும் சொல்கிறார்.

பதில்: ஆப் சொல்வதுதான் சரி. நீங்கள் மூன்று விலைகளைக் கூட்டி மூன்றால் வகுத்துவிட்டீர்கள். 50 பங்கு வாங்கிய விலைக்கும் 250 பங்கு வாங்கிய விலைக்கும் ஒரே எடை கொடுத்தால் கணக்கு உதைக்கும். போட்ட பணத்தைக் கூட்டுங்கள்: 20,000, 13,000, 80,000. மொத்தம் 1,13,000. இதை 400 பங்கால் வகுத்தால் சராசரி 282.50. பங்குக்கு ஏழரை ரூபாய்தான் லாபம், அதுவும் விற்கும்வரை ஏட்டளவில்தான்.

பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளியும். முதல் தடவை வாங்கியதில் 9,000, இரண்டாவதில் 1,500 லாபம். நகை வைத்து வாங்கியதில் 7,500 நஷ்டம். இதுவரை கட்டிய வட்டி 8,000 எந்த ஆப்பிலும் வராது. அதையும் கழித்தால் நீங்கள் 5,000 ரூபாய் பின்தங்கி நிற்கிறீர்கள். விலை ஏற ஏறக் கடன் வாங்கிப் பெரிய அளவில் சேர்ப்பதுதான் உங்களைக் கெடுக்கிறது. அதை இத்தோடு நிறுத்துங்கள். மச்சான் சொல்வதுபோல் இன்னும் வாங்கவும் வேண்டாம். பங்கு வாங்க ஆப்பில் ஒரு தட்டில் கிடைக்கும் மார்ஜின் கடனும் வட்டிக் கடன்தான். விலை சரிந்து, கேட்கும் பணத்தை நீங்கள் கட்டாவிட்டால் உங்கள் பங்கைக் கடன் கொடுத்த தரகு நிறுவனமே விற்றுவிடும்.

280 பங்கை விற்றால் சுமார் 81,200 வரும்; நகையை மீட்கலாம். ஆனால் 320-க்கு வாங்கியதை மட்டும் விற்கிறேன் என்று சொல்ல முடியாது. டீமேட் கணக்கில் முதலில் வந்த பங்குதான் முதலில் விற்றதாகக் கணக்கு. முதல் 150-ம், மூன்றாவதில் 130-ம் போகும். அவற்றின் அடக்க விலை 74,600. கைக்கு வந்த லாபம் 6,600. மிச்சம் 120 பங்குக்கும் சராசரி 320 என்று மாறி, 3,600 நஷ்டம் சிவப்பில் தெரியும். பயந்துவிடாதீர்கள், புதிதாக எதுவும் போகவில்லை. 6,600-இல் 3,600 போனால் அதே 3,000. தரகும் வரியும் கொஞ்சம் குறைக்கும்.

மச்சானிடம் இந்தக் கணக்கையே காட்டுங்கள். கொடுக்க லாபம் இல்லை. விற்ற பணம் அடுத்த வேலை நாளில்தான் கணக்கில் வரும். அதனால் அடகு வைத்த இடத்தில் அன்றைய தேதிக்கு அசலும் வட்டியும் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்குத் தக்கபடி விற்கும் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.