மெதுவாகப் பேசியும் புரியவில்லை என்றால்

“ஜப்பான் கிளையன்ட்டிடம் ஆங்கிலத்தில் மெதுவாகத்தான் பேசுகிறேன். அப்படியும் புரியவில்லை என்கிறார்கள். எவ்வளவு வேகம் சரி?”

முதலில் அளந்து பாருங்கள். அடுத்த முறை நீங்கள் பேசுவதை மட்டும் ஒரு நிமிடம் போனில் பதிவு செய்து, சொற்களை எண்ணுங்கள். ஆங்கிலத்தில் சாதாரணப் பேச்சு நிமிடத்துக்கு 150 சொல் போல வரும். 180 வந்தால், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவருக்கு அது அதிகம். 110 அளவுக்கு இறங்குங்கள். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959இல் தொடங்கிய எளிய ஆங்கிலச் செய்தியை ஏறக்குறைய 90 சொல் வேகத்தில்தான் வாசித்தார்கள். (தமிழுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, நம் சொற்கள் நீளம்.)

நீங்கள் ஒவ்வொரு சொல்லையும் இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இழுத்தால் ஏற்ற இறக்கம் கெட்டு, எந்தச் சொல் எதோடு சேரும் என்பதே தெரியாமல் போய்விடும். சொல்லை இயல்பாகவே சொல்லுங்கள், தொடர் முடியும் இடத்தில் ஒரு விநாடி நிறுத்துங்கள்:

“தி பில்ட் ஃபெயில்ட் லாஸ்ட் நைட் / பிகாஸ் தி டிஸ்க் வாஸ் ஃபுல் / வீ வில் ரன் இட் அகெய்ன் டுடே.”

அந்த ஒரு விநாடியில்தான் அவர் கேட்டதைத் தன் மொழியில் அடுக்கிக்கொள்கிறார். ‘லாஸ்ட்’டுக்கும் ‘நைட்’டுக்கும் நடுவில் நிறுத்தினால் பயனில்லை.

அப்புறம், ஜப்பானியர் ‘ஹாய்’, ‘யெஸ்’ என்பது பல நேரம் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதுதான். “புரிந்ததா?” என்று கேட்காமல், “இன்று எதை முதலில் ஓட்டப் போகிறோம்?” என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.