உச்சிவெயிலில் f/2: என்டி ஃபில்டர் பற்றிச் சில கேள்விகள்

வெளிப்புறக் கல்யாண ஷூட். 25 ஃப்ரேம், f/2, ஐஎஸ்ஓ 100. வெளிச்சம் சரியாக வர ஷட்டர் 1/6400 வரை போகிறது. பெண் நடந்து வருவது வெட்டி வெட்டித் தெரிகிறதே?

ஒவ்வொரு ஃப்ரேமும் கல்லில் செதுக்கியதுபோல உறைந்துவிடுகிறது, அதுதான் காரணம். கை வீசும்போது கொஞ்சம் இழுபட்டுத் தெரிந்தால்தான் கண்ணுக்கு அது நடையாகப் படும். 25 ஃப்ரேமுக்கு 1/50 வையுங்கள். இப்போது எவ்வளவு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று எண்ணுவோம். 6400, 3200, 1600, 800, 400, 200, 100, 50. ஏழு முறை பாதியாகிறது, அதாவது ஏழு ஸ்டாப். லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடிதான் என்டி ஃபில்டர்; அதில் ND128 என்று எழுதியது சரியாக ஏழு ஸ்டாப் குறைக்கும். ஸ்லோமோஷனுக்காக 50 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டர் 1/100, ND64 போதும்.

அபர்ச்சரை f/22க்கு மூடலாமே என்பார்கள். மூடலாம், ஆனால் பின்னால் நிற்கும் ஜெனரேட்டர் வண்டியும் பளிச்சென்று தெரியும்.

லாக் மோடில் என் கேமரா ஐஎஸ்ஓ 800க்குக் கீழே இறங்கவில்லை. அதே ND128 போதுமா?

போதாது. 100லிருந்து 800 என்பது மூன்று ஸ்டாப். மொத்தம் பத்து ஆகிறது; ND1000 வேண்டும். மணமக்கள் பந்தலுக்குள் நுழைந்ததும் அதைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்.

வேரியபிள் என்டி வாங்கினேன். முழுசாகத் திருப்பினால் வானத்தில் பெருக்கல் குறிபோல ஒரு கறுப்பு நிழல் விழுகிறது. பழுதான பீஸா?

பெரும்பாலும் பழுது இல்லை. அதற்குள் இரண்டு போலரைசர் கண்ணாடிகள் இருக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்றைத் திருப்பும்போது வெளிச்சம் அடைபடுகிறது. எல்லை வரை திருப்பினால் ஓரங்களில் அடைப்பு சமமாக இருக்காது. வைட் லென்ஸில் இது சீக்கிரமே தெரியும். நிழல் மறையும் வரை பின்னால் திருப்புங்கள். அதுவே அந்த லென்ஸுக்கு எல்லை.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறு. முன்கண்ணாடி சுழலும்போது வெளிச்சத்தோடு பளபளப்பும் மாறுகிறது. ஒரு ஷாட்டில் பட்டுப்புடவை மினுங்கும், அடுத்ததில் மங்கிக் கிடக்கும். ஒரே இடத்தில் நிதானமாக எடுப்பதென்றால் நான் ஃபிக்ஸட் என்டியைத்தான் மாட்டுவேன்.

பத்து ஸ்டாப் போட்டதும் மாப்பிள்ளையின் கறுப்பு கோட் பழுப்பாகிவிட்டது. ஒயிட் பேலன்ஸ் மாற்றியும் போகவில்லை.

ஃபில்டர் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை உள்ளே விட்டிருக்கிறது. சில செயற்கை இழைத் துணிகள் அதை நன்றாகத் திருப்பி அனுப்பும். அதனால் கோட் மட்டும் நிறம் மாறும், தலைமுடி கறுப்பாகவே இருக்கலாம். ஒயிட் பேலன்ஸ் படம் முழுவதையும் நகர்த்துமே தவிர கோட்டை மட்டும் சரிசெய்யாது. IRND என்று குறித்த ஃபில்டர் வாங்குங்கள். ஷூட்டுக்கு முன்பே அந்தக் கோட்டை வெயிலில் வைத்து, ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என எடுத்துப் பார்த்துவிடுங்கள்.