கழுவிய நார்த்தூளிலும் குருத்து கருகுவது ஏன்?

“கயிறு ஆலையில் வாங்கிய நார்த்தூளை மூன்று முறை கழுவிவிட்டேன். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஈசி மீட்டர் 0.4தான் காட்டுகிறது. ஆனாலும் தக்காளி நாற்றில் புது இலைகளின் ஓரம் கருகுகிறது. இன்னும் கழுவ வேண்டுமா?”

வேண்டாம். வெறும் தண்ணீரில் போவது கரைந்து கிடக்கும் உப்பு மட்டும்தான். நார்த்தூள் தன்மேல் பிடித்து வைத்திருக்கும் சோடியமும் பொட்டாசியமும் அப்படிப் போகாது, மீட்டரிலும் தெரியாது. நீங்கள் உரம் ஊற்றும்போது அதிலுள்ள கால்சியத்தை நார்த்தூள் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு இவற்றை வெளியே விடுகிறது. செடிக்குக் கால்சியம் போதாமல் போகிறது. உப்பு மிகுந்தால் பெரும்பாலும் பழைய இலைதான் முதலில் கருகும். குருத்து கருகினால் கால்சியத்தைச் சந்தேகிக்கலாம்.

அழுத்திய 5 கிலோ நார்த்தூள் கட்டியை ஊறவைத்தால் வரும் அளவு, அதாவது சுமார் 65 லிட்டர் நார்த்தூளுக்கு, 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை, நார்த்தூள் முழுதும் மூழ்கும் அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு நாள் ஊறவிடுங்கள். வடியும் நீரில் ஈசி எகிறும், பயப்பட வேண்டாம், கட்டுண்டிருந்தது வெளியேறுவதன் அடையாளமும் அதில் உண்டு. அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்த நீர் 0.5க்குக் கீழே வந்ததும் நிறுத்துங்கள். ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும், இந்த வேலைக்கு அதை நான் எடுப்பதில்லை.

அலசும் தண்ணீரையும் ஒருமுறை மீட்டரில் பாருங்கள். அதுவே 1.0 காட்டினால் எவ்வளவு அலசினாலும் 0.5 வராது, மழைநீர்தான் வழி.