ஐந்து பண்டிகை லீவு, நாற்பத்திரண்டு பேர்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், சூப்பர்வைசராக இருக்கிறேன். மொத்தம் 42 பேர், முக்கால்வாசி பெண்கள். 20 பேர் கிறிஸ்தவர்கள், 19 பேர் இந்துக்கள், 3 பேர் முஸ்லிம்கள். பொங்கல், புனித வெள்ளி, ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் ஐந்துக்கும் லீவு. மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு ஏன் இல்லை, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு ஏன் இல்லை என்று வருஷா வருஷம் சண்டை. கலெக்டரே லீவு விட்டிருக்கிறாரே என்று கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிறவர்களைப் பற்றியும் முணுமுணுப்பு. அடுத்த வருஷ லிஸ்ட்டை என்னையே போடச் சொல்கிறார் முதலாளி. ஓட்டுக்கு விடலாமா?

பதில்: ஓட்டுக்கு விடாதீர்கள். 42 பேரில் 3 பேருக்கு எந்த ஓட்டிலும் ரம்ஜான் கிடைக்காது. இப்போதைய லிஸ்ட்டில் அது இல்லாமல் போனதும் அப்படித்தான். யாரும் திட்டம் போட்டு விட்டிருக்க மாட்டார்கள். கேட்க ஆள் குறைவு, அவ்வளவுதான்.

கலெக்டர் லீவு விஷயத்தை முதலில் பேசிவிடலாம். கொடைக்கும் சவேரியாருக்கும் அறிவிப்பது உள்ளூர் விடுமுறை. அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும் உரியது அது. செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராததால் பேங்குக்குக்கூடப் பொருந்தாது என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கும். அரசு அலுவலகங்களும் அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை செய்கின்றன. அறிவிப்பின் பிரதி ஒன்றை வாங்கி எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். வாயால் சொன்னால் முதலாளிக்காகப் பேசுகிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

உங்களைக் கட்டுப்படுத்துவது 1958ஆம் வருஷத்துத் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம். அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாள். அந்த ஐந்தையும் முதலாளி, தொழிலாளி இரு தரப்பையும் கலந்து ஆய்வாளர் குறிப்பிட வேண்டும். ஆகவே தொழிலாளர்களைக் கேட்பது நீங்கள் காட்டும் சலுகை இல்லை, சட்டமே சொல்கிற படி. அந்த ஐந்தும் ஆலை முழுவதற்கும் பொது என்பதால், ஆளுக்கொரு லிஸ்ட் போட முடியாது.

எப்படிக் கேட்பது? "எந்த லீவு வேண்டும்" என்று கேட்டால் எல்லாரும் எல்லாம் வேண்டும் என்பார்கள். ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்து, "சம்பளம் போனாலும் பரவாயில்லை, அன்று வரமாட்டேன் என்கிற இரண்டு நாள் எது" என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம் போன இரண்டு வருஷ வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். முன்பு உங்கள் அளவிலான ஓர் ஆலைக்கு இதைச் செய்தபோது, சீட்டில் ஓணம் எழுதியவர்கள் நாலே பேர். கொடை நாளில் பதிவேட்டில் வராதவர்கள் 11 பேர், அத்தனை பேரும் தோலுரிப்புப் பிரிவு. லிஸ்ட்டில் ஓணத்துக்கு இடம் இருந்தது, கொடைக்கு இல்லை.

உங்கள் ஐந்தை நான் போட்டால் தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான், புனித வெள்ளி என்று நான்கை வைப்பேன். ஐந்தாவது பொங்கலா ஓணமா என்பதைச் சீட்டு சொல்லட்டும். ஈஸ்டர் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை. வார விடுமுறையிலேயே வந்துவிடுவதால் அதற்கு ஓர் இடத்தைச் செலவழிக்க வேண்டாம்.

மிச்சம் நிற்பவை நம் மாவட்டத்துக்கே உரிய நாட்கள். மண்டைக்காடு, சவேரியார், மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம், அப்புறம் ஒவ்வொரு பங்குக் கோயிலின் பத்து நாள் திருவிழா, ஒவ்வொரு ஊர் அம்மன் கொடை. இவற்றை ஐந்துக்குள் அடைக்கவே முடியாது. இதற்கு அதே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. பண்டிகை விடுமுறையன்று ஒருவர் வேலை செய்தால், அவர் விருப்பப்படி இரட்டைச் சம்பளம் வாங்கலாம், அல்லது அன்றைய சம்பளத்தோடு சம்பளமுள்ள ஒரு மாற்று விடுமுறை எடுக்கலாம். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே அவருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதன் பிரதி ஆய்வாளருக்குப் போக வேண்டும், ஆலையிலும் ஒட்ட வேண்டும்.

இப்படிப் பாருங்கள். புனித வெள்ளியன்று வரத் தயாராக 12 இந்துப் பெண்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் தோலுரிப்பில் உட்காரலாம், மாற்று விடுமுறையை அடுத்த மாசியில் வருகிற கொடைக்கு எடுக்கலாம். தீபாவளியன்று வேலைக்கு வருகிற கத்தோலிக்கர்கள் சவேரியார் நாளான டிசம்பர் 3ஐ எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, பருப்பை உலர்த்துகிற போர்மா. 12 பேர் உரிக்கிற அளவுக்கு மட்டும் முந்தின நாள் பருப்பை ஏற்றுங்கள். வழக்கம்போல ஏற்றினால் உரிக்காமல் கிடக்கிற பருப்பு ஈரம் இழுத்து, தோல் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் உரிக்கும்போது பிளவாகும், அந்த நஷ்டத்துக்குப் பழி பண்டிகை மேல் விழும். இன்னொன்று, வற்புறுத்தல். "இந்துக்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை வாங்க" என்று ஒரு நாளும் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள், எந்த நாளை மாற்றாக எடுக்கிறார் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். தேதி எழுதாத மாற்று விடுமுறை பெரும்பாலும் கிடைக்காமலே போகும்.

கொடை விஷயத்தில் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. நிறைவு நாள் செவ்வாய்க்கிழமை, ஒடுக்கு பூஜை நடப்பது நள்ளிரவில். அதைப் பார்த்துவிட்டுப் பஸ் பிடித்து வீடு சேர்கிற பெண்ணுக்குப் புதன் காலை எட்டு மணி எப்படி முடியும்? நான் பார்த்த வழக்குகளில் பாதிச் சண்டை இந்தப் புதன்கிழமைத் தாமதத்தில்தான் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரிப் பூசையும் இதே கதை, ஆனால் 25 லீவு என்பதால் அங்கே யாரும் தாமதமாவதில்லை. புதன்கிழமை பத்து மணிக்கு வர அனுமதி கொடுத்து, அந்த இரண்டு மணி நேரத்தை வேறொரு நாளில் ஈடுகட்டச் சொல்லுங்கள். சவேரியார் தேர்பவனிக்கு மறுநாளும் அதே விதி இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்தால் அடுத்த சண்டைக்கு நீங்களே விதை போட்டதாகிவிடும்.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் புது விதி தேவையில்லை, சாப்பாட்டு இடைவேளையை நகர்த்தினால் போதும். மற்ற நாள் மதியத் தொழுகைக்கு மாலைத் தொழுகை நேரம் வரை அவகாசம் உண்டு. ஜும்மா கூட்டாகத் தொழுவது, பள்ளிவாசல் வைக்கிற நேரத்துக்குப் போயாக வேண்டும். நம் ஊரில் உச்சிப்பொழுது நவம்பர் தொடக்கத்தில் 12:05ஐ ஒட்டியும் பிப்ரவரியில் 12:35ஐ ஒட்டியும் வருகிறது, அதற்கு முன் தொழுகை இல்லை. அருகிலுள்ள பள்ளிவாசலில் குத்பா எப்போது என்று கேட்டு, அந்த மூவருக்கும் வெள்ளிக்கிழமை மட்டும் இடைவேளையை அதற்கேற்ப வையுங்கள். கூடுதலாகப் போகிற இருபது நிமிஷத்தை அன்றே மாலையில் அவர்கள் இருந்து முடிக்கட்டும். அது பதிவேட்டில் ஏறட்டும், யார் கேட்டாலும் காட்டலாம். மூவரில் ஒருவர் வறுப்பில் இருந்தால், அடுப்பை அப்படியே விட்டுப் போக முடியாது. மாற்று ஆளின் பெயரையும் முன்பே எழுதி வையுங்கள்.

கடைசியாக ரம்ஜான் தேதி. காலண்டரில் அச்சடித்த தேதியை அப்படியே எழுதாதீர்கள். நம் மாவட்டத்தில் கேரளப் பிறை அறிவிப்பைப் பார்க்கிற ஊர்களும் உண்டு, சென்னை அறிவிப்பைப் பார்க்கிற ஊர்களும் உண்டு. இரண்டுக்கும் ஒரு நாள் வித்தியாசம் வரலாம். அந்த மூவரின் ஜமாஅத் எதை ஏற்கிறது என்று கேட்டு, லிஸ்ட்டில் இப்படி எழுதுங்கள்: "ரம்ஜான் பெருநாள், பிறை தெரிவதைப் பொறுத்து. முந்தின இரவு எட்டு மணிக்குள் சூப்பர்வைசர் போனில் தெரிவிப்பார்." கீழே உங்கள் போன் நம்பரும் இருக்கட்டும்.