சட்டம் முடித்தபின் நீதிமன்றமா, கம்பனியா, நீதிபதி வேலையா?

கேள்வி: திருகோணமலையில இருக்கிறேன், இப்பதான் சத்தியப்பிரமாணம் எடுத்தேன். வழக்காடுறதா, கம்பனி வேலையா, நீதிபதி பரீட்சையா, எதுக்குப் போறது?

நிலாவெளியில் ஒரு காணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் கட்ட ஒரு கம்பனி அதை வாங்கப் பார்க்கிறது, உள்ளே ஒரு குடும்பம் பத்து வருடத்துக்கு மேல் குடியிருக்கிறது.

கம்பனி சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் வழக்கமாக 30 வருட உறுதிகளைத் தேடுவார், ஆனால் அந்தக் குடும்பம் எந்தப் பதிவிலும் இருக்காது, நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்து வைக்கச் சொன்னால் அங்கேதான் பிழை வரும். சம்பளம் மாதாமாதம் வரும், ஆனால் பெரும்பாலான வேலை கொழும்பில், ஆங்கிலத்தில்.

பிரச்சினை மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தால் வழக்காடுபவரின் கை. பத்து வருடம் ஆண்டதால் காணி தங்களுக்கே என்று அந்தக் குடும்பம் ஆட்சியுரிமை கேட்கலாம். ஆனால் பத்து வருடம் இருந்தது மட்டும் போதாது, உரிமையாளருக்கு எதிராகத் தடையில்லாமல் ஆண்டதைச் சாட்சியால் காட்ட வேண்டும், அவருடைய அனுமதியோடு இருந்திருந்தால் ஆட்சியுரிமை வாதம் விழும். தவணை தவணையாக இழுபடும், ஜூனியருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். நொத்தாரிசு அனுமதியும் எடுத்துவைத்தால் உறுதி எழுதிச் சமாளிக்கலாம்.

நீதிபதி அதே சாட்சிகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதுவார். நிலையான சம்பளம் உண்டு, ஆனால் இடமாற்றம் எங்கேயும் வரும். நீதிச்சேவை ஆணைக்குழு மூன்று வருட வழக்காடு அனுபவம் கேட்பதால் இன்றைக்கே அந்தக் கதவு திறக்காது.

சரி, என் எண்ணம்: முதலில் இங்கேயே ஒரு நல்ல சிவில் சீனியரிடம் சேருங்கள். வீட்டில் உடனே பணம் தேவையென்றால் மட்டும் கம்பனி.