கேள்வி-பதில்: ஈரிலக்க எண்களின் வர்க்கம் மனக்கணக்கில்

கேள்வி: (a + b)² முற்றொருமையைக் கொண்டு 47-இன் வர்க்கத்தைக் கண்டேன். 1649 என்று வருகிறது. கணிப்பானோ 2209 என்கிறது. இந்த முறை எல்லா எண்களுக்கும் பொருந்தாதா?

பதில்: முறை எல்லா எண்களுக்கும் பொருந்தும். நீங்கள் அதை முழுவதும் பயன்படுத்தவில்லை. வழிமுறையை எழுதாமல் விடையை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். ஆயினும் 1600-ஐயும் 49-ஐயும் கூட்டினீர்கள் என்பது அந்த விடையிலேயே தெரிகிறது. எனக்கு வரும் கடிதங்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுவே என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முற்றொருமை a² + 2ab + b² என்று மூன்று உறுப்புகளைக் கொண்டது. 47 அலகு பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரைந்து, ஒவ்வொரு பக்கத்தையும் 40, 7 என்று பிரித்துக் கோடுகள் இழுத்தால், மூலைகளில் இரண்டு சதுரங்களும் அவற்றுக்கு இடையே 40-க்கு 7 அளவுள்ள இரண்டு செவ்வகங்களும் கிடைக்கும். நீங்கள் சதுரங்களை மட்டும் எண்ணிவிட்டு இரண்டு செவ்வகங்களையும் விட்டுவிட்டீர்கள். ஒவ்வொன்றும் 280, இரண்டும் சேர்ந்து 560. மொத்த விடையில் ஏறத்தாழ கால் பங்கு இது. வேறு சிலர் ஒரு செவ்வகத்தை மட்டும் கூட்டி 1929 என்று எழுதுகிறார்கள். அதுவும் இதே குடும்பத்துப் பிழைதான்.

இது நேராமல் இருக்கவேண்டுமானால், உறுப்புகளைக் கூட்டும் வரிசையில் நடுவுறுப்பைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். முதலில் 1600, உடனே 40-ஐ 7-ஆல் பெருக்கி இரட்டித்த 560, ஆக 2160. இந்த ஒற்றை எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 49-ஐச் சேர்த்தால் 2209. சிறிய வர்க்கத்தை முதலில் சேர்ப்பவர்கள், இரு வர்க்கங்களும் கூடியவுடன் வேலை முடிந்ததாக எண்ணி நின்றுவிடுகிறார்கள். நடுவுறுப்பை முதலில் சேர்ப்பவருக்கு அந்த நிலையே வராது.

கணக்கைத் தொடங்குமுன் மதிப்பீடு செய்யவேண்டும் என்பதையும் மீண்டும் சொல்கிறேன். 47 என்பது 40-க்கும் 50-க்கும் நடுவில், 50-ஐ ஒட்டி இருக்கிறது; ஆகவே விடை 1600-க்கும் 2500-க்கும் இடையில், மேற்பாதியில் இருந்தாகவேண்டும். 45-இன் வர்க்கமே 2000-ஐத் தாண்டும்போது 1649 எப்படிச் சரியாகும்?

கேள்வி: 47-ஐ 40 + 7 என்றுதான் பிரிக்கவேண்டுமா? 45 + 2 என்று பிரிக்கலாமா?

பதில்: பிரிக்கலாம். 2025, 180, 4 ஆகியவை கூடி 2209 வரும். 25 + 22 என்று பிரித்தாலும் அதே விடைதான், ஆனால் 22-இன் வர்க்கத்துக்குத் தனியே ஒரு கணக்குப் போடவேண்டியிருக்கும். பத்தின் மடங்காகப் பிரிப்பது உழைப்பைக் குறைப்பதற்காக மட்டுமே.

கேள்வி: 47-ஐ 50 − 3 என்று எடுத்துக்கொண்டு 2191 பெற்றேன். இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்த்தேன்; சரியாகவே இருக்கிறது. ஆனால் விடை தவறு என்கிறார்கள்.

பதில்: இது நல்ல கேள்வி, இதில் கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டு இருக்கிறது. முதலாவது, கழித்தல் குறி நடுவுறுப்பை மட்டுமே பாதிக்கும். 2500-இலிருந்து 300-ஐக் கழித்து 2200. பிறகு 3-இன் வர்க்கமான 9-ஐக் கூட்டவேண்டும். நீங்கள் அதையும் கழித்துவிட்டீர்கள். எந்த எண்ணின் வர்க்கமும் குறையெண் ஆகாது. ஆகவே கடைசி உறுப்பு எப்போதும் கூட்டப்படும்.

இரண்டாவது, உங்கள் சரிபார்ப்பு ஏன் ஏமாற்றியது என்பது. 47-இன் இலக்கக் கூடுதல் 11, அதிலிருந்து 2. அதன் வர்க்கம் 4. 2209-இன் இலக்கங்கள் கூடி 13, அதிலிருந்து 4. உங்கள் 2191-க்கும் 13, அதிலிருந்து 4. கூட்டவேண்டிய 9-ஐக் கழித்ததால் விடை 18 குறைந்தது. 9-இன் மடங்காக உள்ள எந்தப் பிழையையும் இந்தச் சோதனையால் காணமுடியாது. ஆனால் கடைசி இலக்கத்தைப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும்: 7-இல் முடியும் எண்ணின் வர்க்கம் 9-இல்தான் முடியும், 1-இல் முடியாது.

மேலே கண்ட 1649-ஐ இதனோடு ஒப்பிடுங்கள். அது 9-இல்தான் முடிகிறது. பத்தின் மடங்கான நடுவுறுப்பை விட்டாலும் கடைசி இலக்கம் மாறாது என்பதே காரணம். அங்கே இலக்கக் கூடுதல்தான் பிழையைக் காட்டும்: 1649-இன் கூடுதல் 20, அதிலிருந்து 2, வரவேண்டியதோ 4. ஆகவே ஒரு சோதனை விடும் பிழையை மற்றது பிடிக்கிறது, இரண்டையும் செய்யுங்கள். அவ்விரண்டும் தவறவிடும் எண்களும் உண்டு. 39-இல் நடுவுறுப்பை மறந்தால் 900 + 81 = 981 வரும். சரியான விடை 1521. விடுபட்ட 540 பத்தின் மடங்கு, ஒன்பதின் மடங்கும்கூட. எனவே இரு சோதனைகளிலும் 981 தேறிவிடும். அங்கே காப்பாற்றுவது, விடை 1600-ஐ ஒட்டி இருக்கவேண்டும் என்ற மதிப்பீடு மட்டுமே. மதிப்பீட்டை விடாதீர்கள் என்று நான் ஓயாமல் எழுதுவது இதற்காகத்தான்.

கேள்வி: எப்போது கூட்டல் வடிவம், எப்போது கழித்தல் வடிவம்?

பதில்: ஒன்றாம் இலக்கம் 1 முதல் 4 வரை இருந்தால் கீழுள்ள பத்து, 6 முதல் 9 வரை இருந்தால் மேலுள்ள பத்து. 83-க்கு 6400 + 480 + 9 = 6889. 96-க்கு 10000 − 800 + 16 = 9216. கழித்தலில் தடுமாறுபவர்கள் 40 + 7 என்றே வைத்துக்கொள்ளலாம், குறைவேதுமில்லை.

கேள்வி: 68-இன் வர்க்கத்தை 36, 96, 64 என்று எழுதி வலமிருந்து இடமாகச் சேர்த்தேன். 4524 வந்தது. எங்கே தவறு?

பதில்: மேலே கொண்டுசெல்லும் எண்ணில். 64-இல் 4-ஐ எழுதி 6-ஐ 96-உடன் சேர்த்தால் 102 ஆகிறது. 2-ஐ எழுதி 10-ஐ மேலே கொண்டுபோகவேண்டும். நீங்கள் 96-இல் இருந்த 9-ஐயே கொண்டுபோயிருக்கிறீர்கள். விடை 4624. இந்த எழுத்துமுறை தாளுக்கு ஏற்றது; மனத்தில் செய்யும்போது எழுதிய இலக்கங்களையும் மேலே கொண்டுசெல்வதையும் ஒருசேர நினைவில் வைக்கவேண்டியிருப்பதால் நழுவிவிடும். மனக்கணக்குக்கு இடமிருந்து வலமாக, பெரிய உறுப்பிலிருந்து தொடங்குங்கள்: 3600, 4560, 4624.

கேள்வி: 5-இல் முடியும் எண்களுக்கும் மூன்று உறுப்புகளையும் கூட்டவேண்டுமா?

பதில்: வேண்டாம். 65-க்கு 6-ஐ 7-ஆல் பெருக்கி 42. அதன் பின்னால் 25 எழுதினால் 4225. முற்றொருமையில் நடுவுறுப்பு 2 × 60 × 5, அதாவது 60 × 10 ஆகிவிடுவதால் அது 60²-உடன் சேர்ந்து 60 × 70 ஆகிறது.

கேள்வி: மூன்றிலக்க எண்களுக்கு?

பதில்: முற்றொருமை அதேதான். ஆனால் ஈரிலக்க எண்களில் நடுவுறுப்பு ஒருமுறைகூட விடுபடாமல் வரும்வரை அங்கே போகாதீர்கள்.