ஸ்டேட்மென்ட்டை எழுத்து பிடிஎஃப்பாகக் கேட்பது

"பென்ஷன் ஸ்டேட்மென்ட் ஸ்கேனாக வருது, என்விடிஏ திரைவாசிப்பான் படிக்கமாட்டேங்குது. வங்கிக்கு என்ன எழுதுவது?"

இப்படி எழுதுங்கள் ஐயா: "நான் பார்வைக் குறைபாடுள்ள ஓய்வூதியர். அச்சிட்டு ஸ்கேன் செய்த படம் வேண்டாம். கணினியிலிருந்து நேரடியாகச் சேமித்த பிடிஎஃப்பை மாதாமாதம் மின்னஞ்சலில் அனுப்புங்கள். முத்திரை, கையெழுத்து தேவையில்லை."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் முத்திரை குத்தத்தான் அச்சிடுகிறார்கள், அப்புறம் அதையே ஸ்கேன் செய்கிறார்கள். வெறுமனே 'பிடிஎஃப்' என்று கேட்டால், ஸ்கேனும் பிடிஎஃப்தானே என்பார்கள்.

வந்த கோப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C அழுத்தி நோட்பேடில் ஒட்டுங்கள். ஸ்டேட்மென்ட்டில் உள்ள எழுத்து வந்தால் சரி. அது வராவிட்டால் பெரும்பாலும் படம்தான்.

எழுத்து பிடிஎஃப் வரும்வரை, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஓசிஆர் வைத்துப் படிக்கலாம். ஆனால் தொகையை அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். 3ஐ 8 என்று படித்துவிடும், தசமப் புள்ளியைத் தவறவிடும்.